அடிபட்டாரா, நசுங்கினாரா? துரப்பண மேடையில் ஆடிய சுமையும் அதன் முதல் அறிக்கையும்

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து, வெல்டிங், ரிக்கிங், சாரம் கட்டுதல் என்று ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொண்டு, திரெங்கானு, சரவாக், சபா கடற்பகுதி எண்ணெய் மேடைகளுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. அவர்களில் ஒருவருக்குக் காயம் என்றால் வீட்டுக்கு வருகிற செய்தி பெரும்பாலும் மூன்று வரியில் முடிந்துவிடும்: “மேல்தளத்தில் கிரேன் சுமை ஆடியதில் அடிபட்டார். நிலைமை சீராக இருக்கிறது. ரிக் மேனேஜருக்குத் தெரிவித்தாயிற்று.”

படிக்கிறவருக்கு இந்த மூன்று வரியும் புரிவதில்லை. கிரேன் தூக்கிக்கொண்டிருக்கும் சுமை ஏன் ஆட வேண்டும்? ரிக் மேனேஜர் யார்? அவரிடம் தெரிவித்துவிட்டால் சொக்சோவுக்கும் தெரிவித்ததாக ஆகுமா? இவற்றுக்கு விடை தேடினால் எல்லாம் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன. அது “அடிபட்டார்” என்ற சொல். சுமை வந்து இடித்துவிட்டுப் போனதா, அல்லது சுமைக்கும் இன்னொரு இரும்புக்கும் நடுவில் ஆள் மாட்டி நசுங்கினாரா என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. சிகிச்சை, விசாரணை, இழப்பீடு மூன்றுமே அந்த வித்தியாசத்தை நம்பித்தான் இருக்கின்றன.

## ரிக் மேனேஜர் மேடையில் இருப்பதில்லை

பெயரைப் பார்த்து, அவர் விபத்து நடந்த இடத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர் என்று நினைத்துவிடுகிறோம். துரப்பண ஒப்பந்த நிறுவனங்களில் பொதுவாக ரிக் மேனேஜரின் மேசை கரையில் இருக்கும். கெமாமான், லாபுவான், மிரி போன்ற இடங்களிலோ கோலாலம்பூர் அலுவலகத்திலோ இருந்தபடி அவர் ஒரு மேடையின் ஆட்கள், உபகரணங்கள், செலவு எல்லாவற்றுக்கும் பொறுப்பு வகிக்கிறார். மேடையில் இருப்பவர்களில் தலைவர் வேறொருவர். அவரை ஓஐஎம் என்பார்கள். எண்ணெய் நிறுவனத்தின் சார்பில் அங்கே இருப்பவர் கம்பெனி மேன். தளத்தில் சுமை கட்டுவதும் அவிழ்ப்பதும் ரௌஸ்டபௌட் எனப்படும் தள ஊழியர்களின் வேலை. கிரேன் ஓட்டுநருக்குக் கையசைவாலும் ரேடியோவாலும் சைகை கொடுப்பவர் பேங்க்ஸ்மேன். மேடைக்கு ஒரு மெடிக் உண்டு. அவசர சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். ஆனால் அவரிடம் எக்ஸ்ரேயோ அறுவைக் கூடமோ இல்லை.

காயம் நடந்ததும் செய்தி தள மேற்பார்வையாளரிடமிருந்து மெடிக்கிடமும் ஓஐஎம்மிடமும் போய், அங்கிருந்து தொலைபேசியில் கரைக்கு வருகிறது. நேரில் எதையும் பார்க்காத ரிக் மேனேஜர், காதில் விழுந்த சொற்களை வைத்து மூன்று விஷயங்களைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

1. ஆளைக் கரைக்குக் கொண்டுவர ஹெலிகாப்டர் இப்போதே வேண்டுமா, நாளை வழக்கமாக வருகிற ஹெலிகாப்டரில் அனுப்பினால் போதுமா.
2. விபத்து நடந்த இடத்தைத் தொடாமல் நிறுத்தி வைப்பதா, வேலையைத் தொடர விடுவதா.
3. இந்தக் காயத்தை எந்த வகையில் பதிவது.

“காலில் அடி” என்று கேட்பவர் ஒரு முடிவுக்கு வருவார். “இரண்டு இரும்புக்கு நடுவில் கால் நசுங்கியது” என்று கேட்பவர் வேறொரு முடிவுக்கு வருவார்.

## தொங்குகிற சுமை ஏன் ஆடுகிறது

பழைய செம்பனை ஆலைகளில் வெந்த பழக்குலைகள் நிறைந்த இரும்புக் கூண்டை மேல்நிலைக் கிரேன் தூக்குவதைத் தோட்டத்துக்காரர்கள் பார்த்திருப்பார்கள். கூண்டு தரையைவிட்டு எழும் கணத்தில் ஒரு பக்கமாகச் சற்று நழுவி, பிறகுதான் நேராகும். கொக்கி சரியாக நடுவுக்கு மேலே நிற்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். கடல்மேடையிலும் இதே சங்கதிதான். ஆனால் அங்கே கம்பிவடத்தின் நீளம் பல மடங்கு அதிகம், நிற்பதற்கு இடமோ மிகக் குறைவு.

எந்தச் சுமையும் தன் எடை மையம் கிரேன் கையின் நுனிக்கு நேர் கீழே வரும்வரை ஓயாது. கையின் நுனி சற்று விலகி நின்றால், தளத்தைவிட்டு எழுந்ததுமே சுமை அந்த இடத்தை நோக்கிப் போகும். அங்கேயும் நிற்காமல், போன வேகத்தில் ஏறக்குறைய அதே தூரம் மறுபக்கத்துக்கும் போய்த் திரும்பும். ஊஞ்சலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து விட்டால் என்ன ஆகுமோ அதுதான். இங்கே இழுத்துப் பிடித்திருப்பது தளத்தின் உராய்வு.

விலகல் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் விசாரணை தேட வேண்டும். மூன்று காரணங்கள் அடிக்கடி தென்படும்.

முதலாவது, கிரேன் ஓட்டுநரின் பார்வை. அவர் உயரமான கேபினில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறார். கொக்கி இடமோ வலமோ விலகினால் அவருக்கு நன்றாகத் தெரியும். தன்னிடமிருந்து தள்ளியோ கிட்டவோ விலகினால் எளிதில் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்லவே பேங்க்ஸ்மேன் இருக்கிறார். அவர் சுமைக்குப் பக்கவாட்டில் நின்றால்தான் அது அவர் கண்ணில் படும்.

இரண்டாவது, கிரேன் கை வளைவது. வெறும் கொக்கியோடு சரியாக நடுவில் நிறுத்தியிருந்தாலும், எடை ஏற ஏறக் கைவடங்கள் இழுபட்டு, கையின் நுனி கிரேனைவிட்டு வெளிப்பக்கமாக நகரும். தேர்ந்த ஓட்டுநர் எடை ஏறும்போதே கையைச் சற்று உயர்த்தி இதைச் சரிக்கட்டுவார். சரிக்கட்டாவிட்டால் சுமை எழும்போது கிரேனுக்கு எதிர்ப்புறமாகப் பாயும். அதனால் சுமைக்கு அப்பால், கிரேனிலிருந்து தொலைவான பக்கத்தில் நிற்பவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

மூன்றாவது, கூடைக்குள் சரக்கு சமமாக இல்லாதிருப்பது. கூடையைக் கொக்கியோடு இணைக்கும் நாலு சிலிங்கும் அதன் நாலு மூலையில் மாட்டியிருக்க, உள்ளே கனமான குழாய்கள் ஒரு முனையில் குவிந்திருந்தால் எடை மையம் கூடையின் நடுவில் இருக்காது. ஒரு முனை முதலில் எழும். மறு முனை தளத்தில் உரசிக்கொண்டே திரும்பும். நேராக ஆடுவதோடு கூடை சுழலவும் செய்வது இப்படித்தான்.

இவை தவிரக் காற்று உண்டு. சப்ளைக் கப்பலிலிருந்து தூக்கும்போது அலையும் சேர்ந்துகொள்ளும். நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தீபகற்பத்தின் கிழக்குக் கடலில் இது பெரிய தொல்லை. ஆனால் மேடையின் சொந்தத் தளத்தில், அமைதியான வானிலையில் நடக்கும் விபத்துகளைக் காற்றின் தலையில் கட்டிவிட்டுப் போக முடியாது.

## ஓர் எடுத்துக்காட்டு, கணக்கோடு

நடந்த ஒரு சம்பவம் என்று இல்லாமல், இத்தகைய விபத்துகளின் சாயலில் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்.

குழாய்கள் அடுக்கிய 3 டன் இரும்புக் கூடை. கிரேன் கையின் நுனியிலிருந்து சுமைவரை 16 மீட்டர். கை வளைந்ததாலும் சரக்கு ஒரு முனையில் குவிந்திருந்ததாலும் மொத்தம் 1 மீட்டர் விலகல். கூடைக்கு அப்பால் 1.2 மீட்டர் இடைவெளி விட்டு ஒரு கொள்கலன் நிற்கிறது. கூடையைத் திருப்புவதற்காகக் கட்டிய டேக்லைன் கயிறு கூடையின் அடியில் சிக்கியிருக்கிறது. அதை இழுத்துவிட ஓர் ஊழியர் அந்த இடைவெளிக்குள் போகிறார். பேங்க்ஸ்மேன் “மெதுவா தூக்குண்ணே” என்று ரேடியோவில் சொல்கிறார். ஒரு கையளவு தூக்கி நிறுத்தி, சிலிங்குகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கிற சோதனைத் தூக்கு அது.

வடம் சாய்ந்திருப்பதால் கூடைமேல் பக்கவாட்டில் ஏறக்குறைய 190 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு இருக்கிறது. எடையில் பாதி தளத்தில் இருக்கும்வரை உராய்வு அதைப் பிடித்து வைத்திருக்கும். கடைசிக் கொஞ்சமும் தளத்தைவிட்டு எழும்போது உராய்வு அறவே போய்விடுகிறது. பார்த்தவர்கள் “சுமை திடீரென்று பாய்ந்தது” என்று சொல்வதற்கு இதுதான் காரணம். இழுப்பு திடீரென்று பிறக்கவில்லை. அதைப் பிடித்திருந்த உராய்வுதான் திடீரென்று விட்டுப்போனது.

16 மீட்டர் நீளத்தில் தொங்கும் சுமை ஒரு முறை போய்த் திரும்ப 8 விநாடி ஆகும். விலகிய இடத்திலிருந்து நடுவுக்கு வர 2 விநாடி போதும். அப்போது அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 0.8 மீட்டர். நாம் நடக்கிற வேகத்தைவிடக் குறைவு. இந்த வேகம்தான் ஆளை ஏமாற்றுகிறது. இவ்வளவு மெதுவாக வருகிறதே, கையை வைத்துத் தள்ளிவிடலாம் என்று உடம்பு தானாக முன்னே போகும்.

கணக்கு அதற்கு இடம் தரவில்லை. பலசாலி ஒருவர் 30 கிலோ எடைக்குச் சமமான விசையோடு விடாமல் தள்ளினாலும் அந்த 3 டன்னை நிறுத்த ஏறத்தாழ 8 விநாடி ஆகும். அவரிடம் இருப்பதோ 2 விநாடிதான். கிரேன் தாங்குவது கூடையின் எடையை. பக்கவாட்டில் ஓடுகிற ஓட்டத்தை எதுவும் தாங்கவில்லை; எதிரில் எது வருகிறதோ அதுதான் தாங்க வேண்டும்.

திறந்த வெளியில் நின்றிருந்தால் கூடை அவரைத் தள்ளியிருக்கும். விழுந்திருப்பார், சிராய்ப்போ எலும்பு முறிவோ ஏற்பட்டிருக்கும். அது அடிபடுதல். இங்கே பின்னால் கொள்கலன் இருக்கிறது. கூடையின் கீழ்ச்சட்டம் முழங்காலுக்குக் கீழே அழுத்த, 5 சென்டிமீட்டர் தூரத்துக்குள் கூடை நின்றது என்று வைத்தால், காலின்மேல் விழுந்த சராசரி விசை ஏறக்குறைய 1,900 கிலோ எடைக்குச் சமம். அது நசுங்குதல். கூடை, வேகம், ஆள் மூன்றும் அதேதான். மாறியது பின்னால் இருந்த இரும்பு ஒன்றுதான்.

## தூக்குவதற்கு முன்பே கண்ணில் பட்டவை

இந்த எடுத்துக்காட்டில் தூக்கத் தொடங்கும் முன்பே நாலு அடையாளங்கள் தெரிந்தன. வடம் நேராக இல்லை. கூடையில் சரக்கு ஒருபக்கமாக இருந்தது. டேக்லைன் அடியில் சிக்கியிருந்தது. ஓர் ஆள், வெளியேற ஒரே வழியுள்ள சந்துக்குள் நின்றார்.

டேக்லைனைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சுமையைத் திருப்புவதற்கான கயிறு, ஆட்டத்தை நிறுத்துவதற்கானதல்ல. கயிற்றின் நீளமே, அதைப் பிடிப்பவர் சுமையைவிட்டுத் தள்ளி நிற்பதற்காகத்தான். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. நுனியில் முடிச்சோ கண்ணியோ இருக்கக் கூடாது, ஏனென்றால் அது எங்காவது மாட்டிக்கொள்ளும். கயிறு சிக்கிவிட்டால் கொக்கியைத் தளர்த்தி, கூடை முழு எடையோடு தளத்தில் அமர்ந்த பிறகே யாரும் கிட்டே போக வேண்டும். கிட்டத்தில் நின்று தள்ள வேண்டிய வேலைக்கு நீண்ட தள்ளுகோல்கள் இருக்கின்றன.

சோதனைத் தூக்கைப் பற்றியும் இப்படி ஓர் எண்ணம் இருக்கிறது. ஒரு கையளவுதானே எழுகிறது, அதில் என்ன ஆபத்து என்று ஆட்கள் பக்கத்திலேயே நின்றுகொள்கிறார்கள். உயரத்துக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை. உராய்வு விடுகிற கணம் அந்தக் கையளவுக்குள்தான் இருக்கிறது. எனவே எல்லோரும் விலகி நிற்க வேண்டிய நேரம் அதுதான். யாராவது ஒருவர் சந்துக்குள் இருப்பதைப் பேங்க்ஸ்மேன் பார்த்தால் தூக்கச் சொல்லக் கூடாது. பார்க்க முடியாத இடத்தில் அவர் நின்றால் அதுவே தனிக் குறை. “நிறுத்து” என்ற சைகையை யார் கொடுத்தாலும், அவர் நேற்று சேர்ந்த பையனாக இருந்தாலும், கிரேன் ஓட்டுநர் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பது இத்தொழிலின் பொது விதி.

## வெளியே சிவப்பு, உள்ளே இறுக்கம்

நசுங்கிய காலில் வெளிக்காயம் சிறிதாகவே இருக்கலாம். தோல் கிழியாமல், எலும்பு முறியாமல்கூட இருக்கலாம். ஆனாலும் முழங்காலுக்குக் கீழே தசைகள் நீளாத உறைகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. நசுங்கிய தசை வீங்கும்போது உறை விரிந்துகொடுக்காததால் உள்ளே அழுத்தம் ஏறி, சிறு இரத்த நாளங்கள் அடைபடுகின்றன. சுமார் 6 மணி நேரத்துக்குள் உறையைக் கீறி அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் தசையும் நரம்பும் மீளாமல் கெட்டுப்போகலாம்.

இதை முதலில் காட்டிக்கொடுப்பது வலி. காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி, மருந்து கொடுத்தும் ஏறுகிற வலி, கால்விரலை வேறொருவர் மெல்ல மடக்கும்போதோ நிமிர்த்தும்போதோ முழங்காலுக்குக் கீழே தாங்க முடியாத வலி. பிறகு கால் கட்டைபோல் இறுகும், விரலிடுக்கில் மரத்துப்போகும். பாதத்தில் நாடித் துடிப்பு கிடைக்கிறது, நிறம் நன்றாக இருக்கிறது என்பது இந்தக் கட்டத்தில் ஆறுதலுக்குரிய செய்தியில்லை. நாடி போவது கடைசியில்தான். “நிலைமை சீராக இருக்கிறது” என்று செய்தியில் வருவது பெரும்பாலும் நாடி, இரத்த அழுத்தம், சுவாசம் ஆகியவற்றைப் பற்றியது. காலின் கதையை அது சொல்வதில்லை.

மேடையிலிருந்து கரை மருத்துவமனைக்கு வரும் நேரத்தைக் கழித்துப் பார்த்தால் அந்த 6 மணி நேரத்தில் மிஞ்சுவது கொஞ்சம். மோசமான வானிலையில் ஹெலிகாப்டர் தாமதமாகும். அதனால்தான் ரிக் மேனேஜரின் காதில் விழுகிற முதல் வாக்கியத்தில் “நசுங்கியது”, “எத்தனை மணிக்கு” என்ற இரண்டும் இருந்தாக வேண்டும்.

வீட்டார் தொலைபேசியில் மகனிடம் கேட்கக் கூடிய கேள்வியும் இதுதான்: “தம்பி, சும்மா இடிச்சிட்டுப் போச்சா, இல்ல எதுக்காவது நடுவுல மாட்டிக்கிச்சா? இப்ப வலி கூடுதா, குறையுதா?” நடுவில் மாட்டியது, வலி கூடுகிறது என்று பதில் வந்தால், அந்தச் சொற்களை அப்படியே மெடிக்கிடம் மறுபடி சொல்லச் சொல்ல வேண்டும்.

## முதல் அறிக்கையில் என்ன எழுதப்படுகிறது

கரைக்கு வரும் முதல் எழுத்து அறிக்கை பெரும்பாலும் ஒரே பக்கம். அதில் என்ன நடந்தது என்று ஒரு பத்தியும், உடனடிக் காரணம் என்று ஒரு கட்டமும் இருக்கும். நல்ல அறிக்கையையும் மோசமான அறிக்கையையும் பிரித்தறிவது கடினமில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

“சுமை எதிர்பாராமல் ஆடியது. ஊழியர் கவனக்குறைவாக ஆபத்தான இடத்தில் நின்றதால் காலில் அடிபட்டது.”

“3 டன் குழாய்க் கூடையின் சோதனைத் தூக்கின்போது வடம் நேராக இல்லை. கூடை கிரேனுக்கு எதிர்ப்புறம் ஏறக்குறைய 1 மீட்டர் நகர்ந்து, சிக்கிய டேக்லைனை விடுவித்துக்கொண்டிருந்த ஊழியரின் இடது கால் கூடைக்கும் கொள்கலனுக்கும் நடுவில் நசுங்கியது. இடைவெளி 1.2 மீட்டர். பேங்க்ஸ்மேன் நின்ற இடத்திலிருந்து ஊழியர் தெரியவில்லை.”

முதல் அறிக்கையில் ஆளைத் தவிர ஆராய எதுவுமில்லை. இரண்டாவதில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கேள்வியைத் திறக்கிறது: கூடைக்கும் கொள்கலனுக்கும் நடுவில் இடம் விட்டு அடுக்கியது யார்? கூடையை நிரப்பியபோது எடை எப்படிப் பகிரப்பட்டது? அந்தத் தூக்குக்கான திட்டத்தில் பேங்க்ஸ்மேன் நிற்க வேண்டிய இடம் குறிக்கப்பட்டிருந்ததா? “கவனக்குறைவு” என்று எழுதி முடித்தால் நாளைக்கு அதே சந்தில் இன்னொரு பிள்ளை நிற்பான். இந்தச் சொல்லை முதல் நாள் அறிக்கையிலேயே எழுதுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. அது விசாரணையின் முடிவில் வர வேண்டிய தீர்ப்பு. விசாரணைக்கு முன்பே அதை எழுதி வைத்தால் பிறகு யாரும் வடத்தைப் பார்க்கப் போவதில்லை.

இடத்தைக் கலைக்காமல் வைப்பதும் இதனால்தான் முக்கியம். கூடையை நகர்த்திவிட்டால் இடைவெளியின் அளவு போய்விடும். கிரேனின் எடைக் காட்டியில் பதிவு இருந்தால் அதையும், சிலிங்கின் அடையாள எண்ணையும், தளத்தைப் பார்க்கும் கேமரா இருந்தால் அதன் காட்சியையும் அன்றைக்கே எடுத்து வைக்க வேண்டும்.

## நாட்களின் கணக்கு

எண்ணெய்த் தொழிலில் காயங்கள் படிப்படியாக வகைப்படுத்தப்படுகின்றன: முதலுதவியோடு முடிந்தது, மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டது, வழக்கமான வேலை செய்ய முடியாமல் இலகு வேலைக்கு மாற்றப்பட்டது, வேலைக்கே வர முடியாமல் போனது. கடைசி வகையை எல்டிஐ என்பார்கள். “எல்டிஐ இல்லாத நாட்கள்” என்று பலகையில் எண்ணி வைப்பதும், அந்த எண்ணிக்கையை ஒப்பந்தத்தோடும் ஊக்கத்தொகையோடும் முடிச்சுப் போடுவதும் உண்டு. ஒரு காயத்தைக் கீழ்ப்படிக்கு இறக்கும் ஆசை அங்கேதான் பிறக்கிறது. கட்டுப்போட்ட காலோடு ஆளை அலுவலகத்தில் உட்கார வைத்து, “இலகு வேலை” என்று எழுதிவிடுவது அதன் வழக்கமான வடிவம். மருத்துவரும் ஊழியரும் உண்மையில் ஒப்புக்கொண்ட இலகு வேலை நல்லதே. எம்சியைக் குறைப்பதற்காகக் கொடுக்கப்படும் இலகு வேலைதான் தொல்லை.

மலேசியச் சட்டம் நாட்களை எண்ணுவதால் இதன் விளைவு பெரிது.

1. வேலையிட விபத்துகளை அறிவிக்கும் 2004-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒருவர் பலத்த காயத்தால் தன் வழக்கமான வேலையை 4 நாட்காட்டி நாட்களுக்கு மேல் செய்ய முடியாமல் போனால், முதலாளி மிக விரைவான வழியில் ஜேகேகேபி எனப்படும் வேலையிடப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவித்து, 7 நாட்களுக்குள் உரிய படிவத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும். இங்கே சொல்லப்படுவது “வழக்கமான வேலை”. தள ஊழியரின் வழக்கமான வேலை சுமை கட்டுவது. அலுவலகத்தில் கோப்பு அடுக்குவதல்ல.

2. சொக்சோவுக்கு முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தைத் தெரிவிக்க வேண்டும். ரிக் மேனேஜருக்குச் சொன்னது நிறுவனத்துக்குள் நடந்த காரியம். அதனால் சொக்சோவுக்கோ ஜேகேகேபிக்கோ செய்தி தானாகப் போய்ச் சேராது.

3. சொக்சோவின் தற்காலிக இயலாமைத் தொகை, சராசரித் தினக் கூலியில் 80 விழுக்காடு. அதைப் பெற, விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாட்கள் எம்சி இருக்க வேண்டும். 2 நாள் எம்சி, பிறகு இலகு வேலை என்று எழுதப்பட்டால் அந்தத் தொகை இல்லை. அதைவிடக் கவலைக்குரியது பின்னால் வருவது. கணுக்கால் பழையபடி மடங்காமல் நிரந்தரக் குறையாகிவிட்டால், மருத்துவ வாரியம் குறையின் விழுக்காட்டைக் கணிக்கும். அப்போது முதல் நாள் தாள்களில் “சிராய்ப்பு, முதலுதவி” என்று இருந்தால், இன்றைய குறைக்கும் அன்றைய விபத்துக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்கும் பாடு ஊழியரின் தலையில் விழும்.

இன்னொரு சட்ட மாற்றத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் புதிதாகச் சேர்ந்த 26ஏ பிரிவு, உடனடி ஆபத்து இருக்கிறது என்று தெரிவித்தும் முதலாளி அதை நீக்காவிட்டால் அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையை ஊழியருக்குத் தருகிறது. வடம் சாய்ந்திருக்கும்போது சந்துக்குள் போக மறுப்பவர் முரண்டு பிடிக்கிறவர் அல்லர் என்று சொல்ல இப்போது சட்டத்தில் இடம் இருக்கிறது. கப்பலாகப் பதிவான மிதக்கும் மேடை என்றால் கப்பல் சட்டங்கள் குறுக்கிடலாம். ஆகவே, வேலை நிலையான மேடையிலா, மிதக்கும் மேடையிலா என்பதையும் முதலிலேயே கேட்டு எழுதி வைப்பது பயன்படும்.

## வீட்டில் சேர்த்து வைக்க வேண்டியவை

கெமாமான் பக்கத்து மருத்துவமனைக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து போவது மலைத்தொடரைத் தாண்டும் ஒரு பகல் பயணம். போய்ச் சேர்வதற்குள் பல தாள்கள் எழுதப்பட்டுவிடும். எனவே தாமதிக்காமல் சில காரியங்களைச் செய்யலாம்.

காயம் பட்ட மணி, மெடிக் பார்த்த மணி, ஹெலிகாப்டர் கிளம்பிய மணி, மருத்துவமனையில் சேர்த்த மணி ஆகிய நான்கையும் மகனிடம் கேட்டு வரிசையாக எழுதிவையுங்கள். காலின் படத்தை ஒரே கோணத்தில், மணி தெரியும்படி, முதல் சில நாட்களுக்குத் தினமும் எடுக்கச் சொல்லுங்கள். வீக்கம் ஏறி இறங்கியதை வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. மெடிக்கின் குறிப்பு, மருத்துவமனையின் வெளியேற்றச் சுருக்கம், எம்சிகள் மூன்றிலும் “நசுங்கல்” என்ற விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவரிடம் “வேலையில் அடிபட்டது” என்று மட்டும் சொல்லாமல், “கிரேன் கூடைக்கும் கொள்கலனுக்கும் நடுவில் கால் மாட்டியது” என்று முழுதாகச் சொன்னால்தான் அது எழுத்தில் ஏறும்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும்முன் மகன் அதை முழுவதும் படிக்க வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்து புரியாவிட்டால், புரிந்த பிறகே கையெழுத்து. வலி மருந்தின் மயக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். தான் பார்க்காத எதையும், குறிப்பாகத் தன் “கவனக்குறைவு” பற்றி வேறொருவர் எழுதித் தந்த வரியை, தன் சொல்லாக ஏற்க வேண்டியதில்லை.

முதல் அறிக்கை தவறாகப் போய்விட்டது என்று தெரிந்தாலும் காரியம் கெட்டுவிடவில்லை. அது ஆரம்ப அறிக்கை மட்டுமே. மருத்துவ விவரம் வந்ததும் திருத்தவும் வகையை மாற்றவும் அதில் இடம் உண்டு. வெளியேற்றச் சுருக்கத்தின் நகலோடு, “என் காயம் நசுங்கல் காயம், எனக்கு இத்தனை நாள் எம்சி கொடுக்கப்பட்டுள்ளது, அறிக்கையைத் திருத்தி, சொக்சோவுக்கும் ஜேகேகேபிக்கும் அனுப்பியதற்கான நகலைத் தாருங்கள்” என்று ஊழியர் தன் பெயரில் ரிக் மேனேஜருக்கும் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்பலாம். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால், அதே மின்னஞ்சலை அச்செடுத்து, எம்சிகளோடு ஈப்போவிலுள்ள சொக்சோ அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோக வேண்டும்.